விளையாட்டு அறிவியல் பட்டப்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம்: என்ன எழுதலாம்?

தடகளம்
எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். என்னிடம் பயிற்சி எடுக்கும் பிளஸ் டூ மாணவி ஒருத்தி, உயிரியல்-கணிதப் பிரிவு, 400 மீட்டர் ஓடுகிறவள். பிரிட்டனில் விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியல் இளநிலைப் படிப்புக்கு, அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக விண்ணப்பிக்கிறாள். அவளுடைய அத்தை குடும்பம் லெஸ்டரில் இருக்கிறது. பக்கத்திலேயே லாஃப்பரோ பல்கலைக்கழகம் என்பதால் அது முதல் விருப்பம், கூடவே லிவர்பூல் ஜான் மூர்ஸ், இன்னும் மூன்று. பரிந்துரைக் கடிதத்துக்கு என்னைத்தான் கேட்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் எழுதிய வரைவின் சாரத்தை இங்கே தமிழில் தருகிறேன்:

"ஆறாம் வகுப்பிலிருந்து இவள் என் மாணவி. மிகுந்த ஒழுக்கமும் விடாமுயற்சியும் உடையவள். குறுவட்டப் போட்டிகளில் தொடர்ந்து முதலிடம், மாவட்டத்தில் இரண்டாமிடம், மாநிலப் போட்டிக்குத் தேர்வு. பள்ளி அணியின் தலைவி. பெரியவர்களை மதிப்பவள். எதிர்காலத்தில் நாட்டுக்குப் பெருமை சேர்ப்பாள். தங்கள் பல்கலைக்கழகத்தில் இடம் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இது போதுமா? நீளம் எவ்வளவு இருக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை
சார், கடிதத்தைவிட சான்றிதழ்கள்தான் முக்கியம். எங்கள் பெரியப்பா மகனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கேட்டபோது, எந்தப் போட்டி, எந்த ஆண்டு, எத்தனையாவது இடம் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய படிவத்தில் கையெழுத்து வாங்கினோம். முதலில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் போய்ப் பாருங்கள். மாநிலப் போட்டியில் பங்கேற்றதற்கும் மதிப்பெண் உண்டு.

தடகளம்
நன்றி தம்பி. ஆனால் இது ஒதுக்கீட்டு இடம் இல்லை. எல்லோரையும் போலப் பொது விண்ணப்பம்தான்.

மிட்லண்ட்ஸ்வாசி
சார், நான் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் துறையில் ஆய்வகப் பொறுப்பில் இருக்கிறேன். சேர்க்கைக் காலத்தில் விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையும் வரும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

தம்பி சொன்னதும் உங்கள் வரைவும் ஒரே இடத்தில் நிற்கின்றன. இரண்டுமே அவள் நல்ல ஓட்டக்காரி என்பதை நிரூபிக்கப் பார்க்கின்றன. படிக்கிற எங்களுக்கு அந்தக் கேள்வி பெரிதில்லை. இந்தப் படிப்பின் முதல் ஆண்டில் உடலியங்கியல், இயக்கவியல், உளவியல், அவற்றோடு புள்ளியியல். ஆய்வகத்தில் ஒருவரை மிதிவண்டி இயந்திரத்தில் உட்காரவைத்து, மூச்சை அளந்து, கிடைத்த எண்ணை நம்பலாமா கூடாதா என்று எழுதவேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு விளையாட்டில் நன்றாக ஆடியவர்கள்தான். முதல் ஆண்டில் தடுமாறுகிறவர்கள் மெதுவாக ஓடுகிறவர்கள் இல்லை. கணக்கையும் அளவீட்டையும் கண்டு ஒதுங்குகிறவர்கள். ஆகவே கடிதத்தில் நான் தேடுவது, இந்தப் பெண் அறிவியல் மாணவியாக இருப்பாளா என்பதற்கு ஆசிரியர் நேரில் பார்த்த சான்று.

அடுத்து, அமைப்பு. யூகாஸ் பரிந்துரை இப்போது தனித் தாளில் எழுதும் கடிதம் இல்லை. 2024 சேர்க்கையிலிருந்து மூன்று பகுதிகள். முதலாவது பள்ளியைப் பற்றி, அது கட்டாயம். இரண்டாவது, படிப்பைப் பாதித்த தனிச் சூழ்நிலை ஏதாவது இருந்தால். மூன்றாவது, இந்த மாணவியைப் பற்றி இந்தப் படிப்புக்குப் பொருத்தமான செய்தி. மூன்றும் சேர்ந்து, இடைவெளிகளையும் எண்ணி, 4000 எழுத்துகளுக்குள். "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" போன்ற வரிகளுக்கு அங்கே இடமே இல்லை.

ஒரே பரிந்துரைதான் போகும், ஐந்து பல்கலைக்கழகங்களுக்கும் அதே போகும். நீங்கள் ஒன்று, உயிரியல் ஆசிரியர் ஒன்று என்று தனித்தனியாக அனுப்ப முடியாது. ஒருவர் எழுத, மற்றவர் பார்த்ததையும் அதில் சேர்க்கவேண்டும்.

மடல்வல்லான்
நான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நிறைய மாணவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறேன். என் யோசனைகள்: பல்கலைக்கழகத்தின் பெயரைக் கடிதத்தில் குறிப்பிட்டு, அந்தத் துறை ஏன் இவளுக்குப் பொருத்தம் என்று எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். "என் பணிக்காலத்தில் கண்ட முதல் ஐந்து மாணவிகளில் ஒருத்தி" என்று ஒப்பிட்டுச் சொல்லுங்கள். அப்புறம், விளையாட்டு அறிவியல் என்பதால் அவளுடைய உச்ச ஆக்சிஜன் பயன்பாடு, நாடித்துடிப்பு எல்லாம் எண்ணாகப் போடுங்கள். எண்கள் இருந்தால்தான் அறிவியல் தோற்றம் வரும்.

மிட்லண்ட்ஸ்வாசி
பொத்தாம்பொதுவாக எழுதக்கூடாது என்பது சரி, ஐயா. ஒப்பீடும் உண்மையாக இருந்தால் நல்லதுதான். ஆனால் பெயர் விஷயம் இங்கே பொருந்தாது. ஐந்து இடத்துக்கும் ஒரே எழுத்து போவதால், லாஃப்பரோ பெயரை எழுதினால் மற்ற நால்வரும் அதைப் படிப்பார்கள். படிப்பின் பெயரைச் சொல்லலாம். அதற்கு முன் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் சார், ஐந்துமே விளையாட்டு அறிவியல்தானா? சிலர் நடுவில் இயன்முறை மருத்துவம் ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். அப்படியானால் கடிதம் இரண்டு பக்கமும் இழுபடும்.

உடல் எண்களைப் பற்றி: அவளுடைய ஆக்சிஜன் பயன்பாடு என்ன என்பது அவள் உடலைப் பற்றிய செய்தி, அவள் அறிவைப் பற்றியது இல்லை. அதுவும் மைதானத்தில் ஓடவைத்துக் கண்டது மதிப்பீடுதான், அளவீடு இல்லை. அந்த வேறுபாடு அவளுக்குத் தெரியும் என்று எழுத முடிந்தால், அது எனக்குப் பத்து எண்களைவிட மேல்.

400 மீட்டரை மட்டும் நேரத்தோடு எழுதுங்கள். "குறுவட்டத்தில் முதலிடம்" என்றால் இங்கே யாருக்கும் எதுவும் புரியாது, எத்தனை பள்ளிகள் என்றே தெரியாது. நேரத்தை எழுதினால் உலகத்தில் எந்தத் தடகளக்காரருக்கும் புரியும். அதற்கு ஒரு வரி போதும்.

ஈரோட்டு மலர்
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தம்பி முதுநிலைப் படிப்புக்கு வெளிநாடு விண்ணப்பித்தான். அவனுடைய கல்லூரியில் இரண்டு பேராசிரியர்களும் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டார்கள். அவனே இரண்டையும் எழுதினான். இரண்டிலும் ஒரே மாதிரி வாக்கியங்கள், ஒரே மாதிரி பிழைகள்கூட. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர்களுக்கு நேராக மின்னஞ்சல் வந்தது, அதில் ஒருவர் பதிலே போடவில்லை. அந்த இடம் கிடைக்கவில்லை, அதுதான் காரணமா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நீங்களே உட்கார்ந்து எழுதுகிறீர்கள் சார், அந்தப் பெண் கொடுத்துவைத்தவள்.

மிட்லண்ட்ஸ்வாசி
மலர் அக்கா, நீங்கள் சொன்னது இங்கேயும் பொருந்தும். பள்ளி யூகாஸில் பதிவுசெய்யாத மையமாக இருந்தால், மாணவி தன் விண்ணப்பத்தில் ஆசிரியரின் பெயரும் மின்னஞ்சலும் கொடுப்பாள். ஆசிரியருக்கு நேராக இணைப்பு வரும், அவரே உள்ளே சென்று எழுதவேண்டும். பள்ளிப் பெயரில் மின்னஞ்சல் இருந்தால் அதையே கொடுங்கள் சார். குடும்பத்தார், நண்பர்கள் எழுதக்கூடாது, ஆகவே லெஸ்டர் அத்தை உதவிக்கு வரமுடியாது.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. ஓட்டத்தை விட்டுவிடுங்கள். அவள் எதையாவது அளந்து, சந்தேகப்பட்டு, "ஏன் இப்படி?" என்று கேட்டதை நீங்கள் பார்த்ததுண்டா?

தடகளம்
உண்டு. கடிதத்தில் எழுதவேண்டிய விஷயமென்று தோன்றாததால் விட்டிருந்தேன்.

பள்ளி மைதானத்தில் பீப் டெஸ்ட் எடுப்போம். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள், ஒலிக்கு ஒலி அங்கும் இங்கும் ஓடவேண்டும். நிலை ஏற ஏற ஒலி வேகமாக வரும். கோடுகள் நான் வேலைக்கு வருவதற்கு முன்பே சிமெண்டில் பதித்தவை. அவற்றை யாரும் சந்தேகப்பட்டதில்லை. போன ஆண்டு மாவட்ட விளையாட்டரங்கில் நடந்த முகாமுக்கு எங்கள் பெண்கள் போனார்கள். பள்ளியில் எட்டாம் நிலை வரை ஓடியவர்கள் அங்கே ஆறிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்தி இல்லை, எல்லோருமே. பயமாக இருக்கும், வெயிலாக இருக்கும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

இவள் மட்டும் திரும்பி வந்ததும் என்னிடம் கேட்டாள்: "சார், நம்ம மண் தரையில் ஓடுவதுதானே கஷ்டம்? அங்கே தரை நல்லா இருந்தது. கூடத்தானே வந்திருக்கணும், ஏன் எல்லோருக்கும் ஒரே அளவு குறைஞ்சது?" மறுநாள் காலையில் குண்டு எறிதலுக்கு வைத்திருக்கும் அளவு நாடாவை வாங்கிக்கொண்டு போய்க் கோடுகளுக்கு நடுவே பிடித்தாள். 18.6 மீட்டர்தான் இருந்தது.

நான் பழைய முடிவுகளை எல்லாம் 18.6-ஐ 20-ஆல் வகுத்துப் பெருக்கிச் சரிசெய்துவிடலாம் என்றேன். வேண்டாம் சார், கோட்டை மாற்றிப் போட்டு எல்லோரும் மறுபடி ஓடுவோம் என்றாள். அப்படியே செய்தோம். பழைய நோட்டில் அந்தப் பக்கங்களுக்கு மேலே "18.6 மீ., ஒப்பிட வேண்டாம்" என்று அவளே சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறாள்.

மிட்லண்ட்ஸ்வாசி
சார்! இதுதான் கடிதம். மற்றது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கடிதத்தில் தவறாக எழுதிவிடக்கூடாது. இந்தச் சோதனையின் வழக்கமான வடிவத்தில் முதல் நிலை மணிக்கு 8.5 கி.மீ., ஒவ்வொரு நிமிடமும் அரை கி.மீ. கூடும். அப்படியானால் எட்டாம் நிலையில் 12 கி.மீ. வேகம். ஆனால் ஒலி அதே இடைவெளியில் வருகிறது, ஓடும் தூரம் மட்டும் 7 விழுக்காடு குறைவு. ஆகவே பிள்ளைகள் உண்மையில் ஓடியது 11.2 கி.மீ. வேகத்தில்தான். சரியான தூரத்தில் ஆறாம் நிலை 11 கி.மீ., ஏழாம் நிலை 11.5. உங்கள் பெண்கள் விளையாட்டரங்கில் ஆறில் நின்றது அப்படியே பொருந்துகிறது. பயமும் இல்லை, வெயிலும் இல்லை.

"பெருக்க வேண்டாம், மறுபடி ஓடுவோம்" என்று அவள் சொன்னது இன்னும் நல்ல முடிவு. தூரம் குறைந்தாலும் நிமிடத்துக்கு எத்தனை முறை திரும்புகிறார்கள் என்பது மாறாது, ஒலிதான் அதைத் தீர்மானிக்கிறது. நின்று திரும்பிப் பாய்வதில் செலவாகும் சக்தி வேகத்தோடு நேர் விகிதத்தில் குறைகிறது என்று வைத்துக்கொள்ள முடியாது. அதனால் பெருக்கி வரும் எண் பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் சோதனை செய்து வந்த எண் ஆகாது. இதையெல்லாம் அவள் யோசித்தாளா, உள்ளுணர்வில் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே எழுதுங்கள், நான் இங்கே சொன்னதை அவள் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். நேர்முகமோ உரையாடலோ வந்தால் அவள்தான் பதில் சொல்லவேண்டும்.

தடகளம்
இன்று பயிற்சிக்கு வந்தபோது கேட்டேன். திரும்புவதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. "பெருக்கினால் அது நாம கணக்குப் போட்டது சார், அவங்க ஓடினது இல்லையே" என்றாள். வரைவைத் திருத்தியிருக்கிறேன், மூன்றாம் பகுதி மட்டும்:

"இரண்டு ஆண்டுகளாக எங்கள் பள்ளியின் உடல்திறன் சோதனைப் பதிவேட்டை இவள் பராமரிக்கிறாள். வெளியே நடந்த முகாமில் அணியின் அனைவருடைய முடிவும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தபோது, தனிப்பட்ட காரணங்களை ஏற்காமல், சோதனையே வேறாக இருந்திருக்கலாம் என்று சந்தேகித்தாள். எங்கள் மைதானத்தின் 20 மீட்டர் தடத்தை அளந்து அது 18.6 மீட்டர் என்று கண்டாள். பழைய முடிவுகளைக் கணக்கிட்டுத் திருத்தலாம் என்று நான் சொன்னபோது, கணக்கிட்ட எண் ஓடிய எண் ஆகாது என்று கூறி, அணியை மறுபடி சோதித்தாள். பழைய பதிவுகளை அழிக்காமல் ஒப்பிடக்கூடாதவை என்று குறித்துவைத்தாள். ஆய்வகக் கருவிகள் எதுவும் இல்லாத பள்ளியில் இதைச் செய்தாள். 400 மீட்டரில் அவளுடைய சிறந்த நேரம் 61.8 விநாடி."

மிட்லண்ட்ஸ்வாசி
நன்றாக வந்திருக்கிறது. "ஆய்வகக் கருவிகள் இல்லாத பள்ளி" என்பதை மட்டும் முதல் பகுதிக்கு நகர்த்துங்கள். அங்கே பள்ளியின் அளவு, பாடப்பிரிவு, உடற்கல்வி பிளஸ் டூவில் தேர்வுப் பாடமாக இல்லை என்பது, எல்லாம் வரலாம். இங்கே பல மாணவர்கள் பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவலில் உடற்கல்வியையே ஒரு பாடமாகப் படித்துவிட்டு வருகிறார்கள். இவள் ஏன் படிக்கவில்லை என்ற கேள்வி எழாமல் இருக்கும். மீதி இடத்தில் உயிரியலைப் பற்றி இரண்டு வரி வேண்டும்.

செம்பருத்தி
நான் மதுரைப் பக்கம் பிளஸ் டூ உயிரியல் எடுக்கிறேன். மிட்லண்ட்ஸ்வாசி சார் சொல்வதில் ஒன்றில் எனக்கு உடன்பாடு இல்லை. அளவு நாடா கதை அருமை. ஆனால் ஒரே நிகழ்ச்சியை வைத்துக் கடிதம் முழுக்க நிரப்பினால், வகுப்பில் அவள் எப்படி என்பதே தெரியாமல் போகும். அவளுடைய உயிரியல் ஆசிரியரிடம் போய், அவளுடைய செய்முறை நோட்டு எப்படி, தசைச் சுருக்கம் நடத்தும்போது என்ன கேட்டாள் என்று விசாரியுங்கள். உண்மையில் அந்த ஆசிரியரே எழுதி, உங்கள் பத்தியை அதில் சேர்ப்பதுதான் முறை என்று நினைக்கிறேன். படிப்பு அறிவியல் படிப்பு அல்லவா?

இன்னொன்று. விண்ணப்பத்தோடு போகும் மதிப்பெண் எதிர்பார்ப்பை யார் போடுவது? பொதுத் தேர்வு மார்ச்சில்தானே.

தடகளம்
அதுதான் அடுத்த தலைவலி, மேடம். காலாண்டில் 84 விழுக்காடு. உயிரியல் ஆசிரியை 90 போடலாம் என்கிறார். அரையாண்டு இனிமேல்தான்.

இன்னும் ஒரு விஷயம். பிளஸ் ஒன்னில் கணுக்கால் முறிந்து ஆறு வாரம் பள்ளிக்கு வரவில்லை. அந்த அரையாண்டில் மதிப்பெண் சரிந்தது, மாநிலப் போட்டிக்கும் போகமுடியவில்லை. இரண்டையும் இரண்டாம் பகுதியில் எழுதலாமா?

மிட்லண்ட்ஸ்வாசி
மதிப்பெண் சரிந்ததை எழுதலாம், போட்டி தவறியதை எழுதவேண்டாம். அந்தப் பகுதி படிப்பைப் பாதித்த விஷயங்களுக்கானது. எத்தனை வாரம் வரவில்லை, எந்தத் தேர்வு பாதித்தது, பிறகு எவ்வளவு மீண்டாள், அவ்வளவுதான். பரிதாபம் கேட்கிற தொனி வேண்டாம். முக்கியமாக, உடல்நலச் செய்தி என்பதால் அவளிடம் சம்மதம் வாங்கிய பிறகே எழுதுங்கள். அவள் வேண்டாம் என்றால் அந்தப் பகுதியைக் காலியாக விடலாம், தவறில்லை.

மடல்வல்லான்
காயத்தைச் சொன்னால் உடல்திறன் குறைந்தவள் என்று நினைக்க மாட்டார்களா? விளையாட்டுத் துறையில் சேர்கிறவள் ஆயிற்றே.

மிட்லண்ட்ஸ்வாசி
மாட்டார்கள். நாங்கள் அணிக்கு ஆள் எடுக்கவில்லை.

செம்பருத்தி
90 பற்றி: எனக்குத் தெரிந்து எங்கள் பள்ளியில் இதில் இரண்டு கட்சி உண்டு. குறைத்துப் போட்டால், பொதுத் தேர்வில் இத்தனை வாங்கவேண்டும் என்ற நிபந்தனையோடுகூட இடம் கிடைக்காமல் போகலாம் என்பது ஒரு கட்சி. கூட்டிப் போட்டு நிபந்தனை உயர்ந்த இடமாக வாங்கினால் மே மாதத்தில் முடிவு வரும்போது பிள்ளைதான் அழவேண்டும் என்பது மற்றது. நான் இரண்டாவது பக்கம். காலாண்டு 84 என்றால் 90 என்பதற்கு ஆதாரம் என்ன?

மிட்லண்ட்ஸ்வாசி
நான் முழுக்க அப்படிச் சொல்லமாட்டேன், மேடம். எதிர்பார்ப்பு என்பது நன்றாகப் படித்தால் எட்டக்கூடிய மதிப்பெண், இதுவரை வாங்கியதன் சராசரி இல்லை. ஆனால் ஆதாரம் வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான். 2026 சேர்க்கைக்கு ஜனவரி 14, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி, நமக்கு இரவு பதினொன்றரை. அதற்குள் வந்த விண்ணப்பங்களை எல்லாம் சமமாகப் பார்ப்பார்கள். டிசம்பர் அரையாண்டு முடிவு கைக்கு வந்தபிறகு போட்டால்கூட நேரம் இருக்கிறது. பரிந்துரை முடியாமல் விண்ணப்பம் போகாது என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பொங்கல் நேரம், பள்ளி விடுமுறை, உங்களைப் பிடிக்கமுடியாமல் அந்தப் பெண் தவிப்பாள்.

நெல்லைச்சீமை
சார், சான்றிதழ்களை எங்கேயும் இணைக்கவே வேண்டாமா? இவ்வளவு பதக்கம் வாங்கியிருக்கிறாளே.

மிட்லண்ட்ஸ்வாசி
யூகாஸில் வேண்டாம், தம்பி. உதவித்தொகைக்கு, குறிப்பாக வீரர்களுக்கான விளையாட்டு உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பித்தால் அங்கே அவை பேசும். அது வேறு ஆள் படிக்கிற வேறு விண்ணப்பம். பத்திரமாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

ஈரோட்டு மலர்
என் மகள் சி.பி.எஸ்.இ.யில் உடற்கல்வியை ஒரு பாடமாகவே எடுத்திருக்கிறாள், ஆனால் கணிதம் இல்லை. அவளுக்கு இந்தப் படிப்பு கிடைக்குமா?

மிட்லண்ட்ஸ்வாசி
பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், அக்கா. ஒவ்வொன்றின் படிப்புப் பக்கத்திலும் இந்தியத் தகுதிக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். தனி இழை தொடங்கினால் அவள் பாடங்களை வைத்துப் பேசலாம்.

தடகளம்
முடிவு இது: உயிரியல் ஆசிரியை பெயரில் பரிந்துரை, மைதானத்துப் பத்தி என்னுடையது என்று அதிலேயே குறிப்பிடுவோம். கணுக்கால் விஷயத்தைப் பெற்றோரிடம் பேசிவிட்டுச் சொல்வதாக அவள் சொல்லியிருக்கிறாள். மதிப்பெண்ணை அரையாண்டு வந்தபிறகு பார்க்கலாம் என்றேன், ஆசிரியை இன்னும் 90-லேயே நிற்கிறார். ஐந்து விருப்பத்தில் ஒன்று இயன்முறை மருத்துவம்தான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அதை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று அவளும் அத்தையும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

செம்பருத்தி
வைத்துக்கொண்டால் மூன்றாம் பகுதியை மறுபடி இங்கே போடுங்கள் சார், பார்க்கலாம்.